நள்ளிரவு வேலை நின்றுபோனால் யாருக்குத் தெரியும்?

2017 ஜனவரி 31-ஆம் தேதி இரவு, கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் ஒரு கட்டளையைக் கொடுத்துவிட்டார். உலகெங்கும் உள்ள மென்பொருள்காரர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளம் அது. காலியாக இருந்த உபரி சர்வரின் கோப்புகளை நீக்குவதாக நினைத்துக்கொண்டு, நேரலையில் ஓடிக்கொண்டிருந்த முதன்மை டேட்டாபேஸின் கோப்புகளை அவர் நீக்கினார். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தியும் பயனில்லை. சுமார் 300 ஜிபி இருந்த இடத்தில் மிஞ்சியது 4.5 ஜிபிதான்.

விரல் தவறுவது யாருக்கும் நடக்கும். அதற்காகத்தானே பேக்கப் எடுத்து வைக்கிறோம்? கிட்லேப்பிலும் தினமும் ஒரு முறை டேட்டாபேஸை நகலெடுத்து அமேசானின் சேமிப்பகத்துக்கு அனுப்பும் தானியங்கி வேலை ஒன்று இருந்தது. அவசரமாகப் போய்ப் பார்த்தால் சேமிப்பகம் காலி. நகலெடுக்கும் கருவியின் பதிப்பு 9.2, டேட்டாபேஸின் பதிப்பு 9.6. இரண்டும் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு முறையும் அந்த வேலை பாதியிலேயே நின்றுபோயிருக்கிறது.

இதைவிடக் கவனிக்க வேண்டியது வேறொன்று. வேலை தோற்றால் மின்னஞ்சலில் தகவல் வரும்படிதான் ஏற்பாடு செய்திருந்தார்கள். தகவலும் புறப்பட்டது. ஆனால் அந்த அஞ்சல்களில் முறையான கையொப்பம் இல்லாததால், போலி அஞ்சல்களைத் தடுக்கும் டிமார்க் விதிப்படி அவை வழியிலேயே நிராகரிக்கப்பட்டன. தோற்ற செய்தி எவர் கண்ணிலும் படவில்லை. விபத்துக்கு ஏறத்தாழ ஆறு மணி நேரம் முன்னால் ஒரு பொறியாளர் வேறு வேலைக்காகத் தற்செயலாக எடுத்து வைத்திருந்த நகல்தான் கடைசியில் கைகொடுத்தது. அதை வைத்து மறுநாள் மாலை தளத்தை மீட்டார்கள். இடைப்பட்ட ஆறு மணி நேரத்தில் சேர்ந்த தகவல்கள் போனது போனதுதான். இவ்வளவையும் மறைக்காமல், மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டி, பிறகு விரிவான அறிக்கையும் வெளியிட்டார்கள். அவர்கள் அப்படிச் செய்ததால்தான் இன்று நாம் இதைப் பேச முடிகிறது.

அந்த அறிக்கையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான்: விபத்துக்கு முன்பு, ஏதோ ஒரு பகல் வேளையில், யாராவது அந்த டேட்டாபேஸ் இணைப்பை வேண்டுமென்றே துண்டித்துவிட்டு, "தோல்வி அஞ்சல் வருகிறதா பார்ப்போம்" என்று காத்திருந்தால் போதும். அஞ்சல் வந்திருக்காது. ஏன் வரவில்லை என்று தேடிப் போயிருந்தால் காலிச் சேமிப்பகமும் அப்போதே தெரிந்திருக்கும்.

இப்படி வேண்டுமென்றே உடைத்துப் பார்ப்பதைப் பெரிய நிறுவனங்கள் ஒத்திகையாகவே நடத்துகின்றன. தீயணைப்பு வீரராகப் பயிற்சி பெற்ற ஜெஸ்ஸி ராபின்ஸ், அமேசானில் 'கேம் டே' என்ற பெயரில் இதைத் தொடங்கினார். கூகுள் 2006 முதல் இத்தகைய ஒத்திகைகளை நடத்திவருகிறது. நெட்ஃபிளிக்ஸ் தன் சர்வர்களைக் கண்டபடி அணைத்துவிடும் 'கேயாஸ் மங்கி' என்ற நிரலையே எழுதி வைத்திருக்கிறது. ஆனால் இதற்கு அத்தனை பெரிய நிறுவனமாக இருக்க வேண்டியதில்லை. ஒரு சர்வரும் ஒரு பேக்கப் ஸ்கிரிப்டும் உள்ள சிறிய அலுவலகத்தில்தான் இதன் பலன் அதிகம். அங்கே இரவில் விழித்திருந்து பார்க்க ஆள் கிடையாது.

குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். வங்கியில் வட்டி கணக்கிடுவது, பில் தொகையை எஸ்எம்எஸ் அனுப்புவது, டேட்டாபேஸை நகலெடுப்பது போன்றவை பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகு ஆள் இல்லாமல் நடக்கின்றன. லினக்ஸ் சர்வரில் இவற்றை நேரம் பார்த்து எழுப்பிவிடும் நிரலுக்கு கிரான் என்று பெயர். எழுந்த வேலை தனியாக எதையும் முடித்துவிடாது. டேட்டாபேஸ் பதில் சொல்ல வேண்டும், நெட்வொர்க் இருக்க வேண்டும், வட்டில் இடம் இருக்க வேண்டும், கடவுச்சொல் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். இவையெல்லாம் அந்த வேலையின் சார்புகள். ஒத்திகையில் இவற்றில் ஒன்றைத்தான் உடைக்கிறோம்.

ஒரு சிறிய அலுவலகத்தின் ஏற்பாட்டை எடுத்துக்கொள்வோம். kanakku என்று ஒரு டேட்டாபேஸ், 10.0.0.5 என்ற முகவரியில் உள்ள இயந்திரத்தில் இருக்கிறது. வேறொரு இயந்திரத்தில் தினமும் இரவு 1:30-க்கு ஓடும் ஸ்கிரிப்டில் இரண்டே வரிகள்:

```
pg_dump -h 10.0.0.5 kanakku | gzip > /backup/kanakku-$(date +%F).sql.gz
find /backup -name '*.sql.gz' -mtime +7 -delete
```

முதல் வரி டேட்டாபேஸை நகலெடுத்து, சுருக்கி, அன்றைய தேதியிட்ட கோப்பில் வைக்கிறது. இரண்டாம் வரி ஒரு வாரத்துக்கு மேல் பழையதான கோப்புகளை அழிக்கிறது. இணையத்தில் தேடினால் கிடைக்கும் பேக்கப் ஸ்கிரிப்டுகளில் பெரும்பாலானவை ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். பார்த்தால் குறை ஒன்றும் தெரியாது.

உடைப்பதற்கு முன்பு செய்ய வேண்டியவை சில உண்டு. எல்லோரும் அலுவலகத்தில் இருக்கும் ஒரு முற்பகலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சம்பந்தப்பட்டவர்களிடம் சொல்லிவிட வேண்டும். என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறோம் என்பதை ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும்: "வேலை இரண்டு நிமிடத்துக்குள் தோற்கும். பதினைந்து நிமிடத்துக்குள் இன்னாருடைய போனுக்குத் தகவல் வரும். தடையை எடுத்ததும் யாரும் கை வைக்காமல் இன்றைய நகல் உருவாகும்." இதை முதலிலேயே எழுதாவிட்டால், என்ன நடந்தாலும் "அப்படித்தான் நினைத்தேன்" என்று மனம் சமாதானம் சொல்லிவிடும்.

அடுத்தது, தடையைப் போடும் முன்பே அதை எடுப்பதற்கு ஏற்பாடு செய்துவிடுவது. ஒத்திகையின் நடுவே நமக்கே ஏதாவது அவசர வேலை வந்தால், தடை அப்படியே கிடந்துவிடக் கூடாது.

```
R="OUTPUT -p tcp -d 10.0.0.5 --dport 5432 -m owner --uid-owner backup -j REJECT --reject-with tcp-reset"
echo "iptables -D $R" | at now + 30 minutes
iptables -I $R
```

இரண்டாம் வரி, முப்பது நிமிடம் கழித்துத் தடையை நீக்கும்படி சர்வரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கிறது. மூன்றாம் வரிதான் தடையைப் போடுகிறது. நடுவில் உள்ள `--uid-owner backup` என்ற பகுதியை விட்டுவிடக் கூடாது. backup என்ற பயனர் பெயரில் ஓடும் வேலைக்கு மட்டும் டேட்டாபேஸின் கதவு மூடும். அதே இயந்திரத்தில் வேறு செயலிகள் ஓடினால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது.

இப்போது ஸ்கிரிப்டைக் கையால் ஓட்டிப் பார்க்க ஆசை வரும். வேண்டாம். நாம் லாகின் செய்து ஓட்டும்போது இருக்கும் சூழல் வேறு, கிரான் எழுப்பும்போது இருக்கும் சூழல் வேறு. கருவிகளைத் தேடும் பாதை மாறும், பயனர் மாறும், சில சமயம் கருவியின் பதிப்பே மாறும். கிட்லேப்பில் 9.2 நுழைந்ததுகூட, வேலை எந்த இயந்திரத்தில் ஓடியது என்பதைப் பொறுத்துத்தான். அதனால் கிரானின் அட்டவணையிலேயே நேரத்தைத் தற்காலிகமாக 11:05 என்று மாற்றிவிட்டுக் காத்திருப்பதே சரி.

11:05 ஆகிறது. டேட்டாபேஸ் இணைப்பை மறுக்கிறது. `pg_dump` பிழைச் செய்தி கொடுத்துவிட்டு நிற்கிறது. வேலை தோற்றுவிட்டது என்றுதானே கிரானுக்குத் தெரிய வேண்டும்? தெரியாது. இரண்டு நிரல்களைக் குழாய்போல இணைக்கும்போது, சாதாரணமாகக் கடைசி நிரலின் வெற்றி தோல்விதான் கணக்கில் வரும். கடைசியில் இருப்பது சுருக்கும் நிரலான `gzip`. அதற்கு உள்ளே எதுவும் வரவில்லை, வராததை ஒழுங்காகச் சுருக்கிவிட்டு வெற்றி என்று சொல்லிவிடுகிறது. அதன் பிறகு `find` ஓடுகிறது, அதுவும் வெற்றி. பேக்கப் கோப்புறையைத் திறந்து பார்த்தால் இன்றைய தேதியிட்டு ஒரு கோப்பு இருக்கிறது. அதன் அளவு 20 பைட். ஒன்றுமில்லாததைச் சுருக்கினால் கிடைக்கும் அளவு அது. கோப்பு சேதமடைந்திருக்கிறதா என்று `gzip -t` போட்டுச் சோதித்தால், சரியாக இருக்கிறது என்றே பதில் வரும்.

பிழைச் செய்தி என்ன ஆனது? ஒரு வேலை திரையில் எழுதுவதை கிரான் மின்னஞ்சலாக அனுப்பும். அந்தச் சர்வரில் அஞ்சல் அனுப்பும் நிரல் நிறுவப்படவில்லை என்றால், டெபியன், உபுண்டு வகை சர்வர்களின் பதிவேட்டில் இப்படி ஒரு வரி மட்டும் இருக்கும்:

```
(CRON) info (No MTA installed, discarding output)
```

அஞ்சல் நிரல் இல்லை, செய்தியைக் குப்பையில் போட்டுவிட்டேன் என்று அர்த்தம். இதைக்கூடப் பிழை என்று குறிப்பதில்லை, வெறும் தகவல் என்றுதான் குறிக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். இரண்டாம் வரி ஒரு வாரத்துக்கு மேல் பழையதான கோப்புகளை அழிக்கிறது என்று சொன்னேன் அல்லவா? முதல் வரி தோற்றாலும் இரண்டாம் வரி ஓடுகிறது. டேட்டாபேஸின் கடவுச்சொல்லை யாரோ மாற்றிவிட்டார்கள், பேக்கப்புக்கு அது தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இரவும் ஒரு 20 பைட் கோப்பு சேரும், ஒரு நல்ல கோப்பு அழியும். ஒன்பது பத்து நாளில் கோப்புறையில் இருக்கும் அத்தனையும் வெற்றுக் கோப்புகளாகிவிடும். எண்ணிக்கை சரியாக இருக்கும், தேதிகள் சரியாக இருக்கும். நகலெடுக்கும் வேலை தோற்றதால் நஷ்டம் வந்தது என்பதைவிட, சுத்தம் செய்யும் வேலை ஒழுங்காக நடந்ததால் நஷ்டம் முழுமையானது என்பதே உண்மை. ஸ்கிரிப்டை எத்தனை முறை படித்தாலும் கண்ணில் படாத இந்தக் கோளாறு, ஒத்திகையில் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறது.

கதவை மூடுவது ஒரு விதமான உடைப்பு. உடனே "இல்லை" என்று பதில் வந்துவிடும். பதிலே வராமல் போவது இன்னொரு விதம், நடைமுறையில் இதுதான் அதிகம் படுத்தும். மேலே உள்ள கட்டளையில் `REJECT --reject-with tcp-reset` என்பதை எடுத்துவிட்டு `DROP` என்று போட்டால் இந்த நிலை உருவாகும். தொடக்கத்திலேயே இப்படிச் செய்தால், ஒன்றிரண்டு நிமிடம் முயன்றுவிட்டு இணைப்பு தோற்கும். பாதி நகலெடுத்த பிறகு செய்தால் கதை வேறு. இணைப்பு உயிரோடு இருக்கிறது என்று நம்பிக்கொண்டு வேலை காத்திருக்கும். லினக்ஸின் வழக்கமான அமைப்பில், எதிர்முனை போய்விட்டது என்று அது முடிவுகட்ட 2 மணி 11 நிமிடம் ஆகும். அதுவரை தோல்வியும் இல்லை, வெற்றியும் இல்லை. ஆகவே இந்த ஒத்திகைக்குத் தடை நீங்கும் நேரத்தைத் தள்ளி வைக்க வேண்டும். பிறகு வேலை நின்றதும் `gzip` தனக்கு வந்தவரை சுருக்கி முடித்துவிடும். பாதி டேட்டாபேஸ், பார்வைக்கு முழுக் கோப்பு. இதற்கு அளவைப் பார்த்தால் மட்டும் போதாது. `pg_dump` ஒழுங்காக முடித்த நகலின் இறுதியில் `PostgreSQL database dump complete` என்று ஒரு வரி இருக்கும். அது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது உடைப்பு எல்லாவற்றையும்விட எளியது, நான் தவறாமல் செய்யச் சொல்வதும் அதைத்தான். கிரானையே நிறுத்திவிடுவது:

```
systemctl stop cron
```

இப்போது வேலை தொடங்கவே இல்லை. தொடங்காத வேலை தோற்காது, தோற்காத வேலை தகவல் அனுப்பாது. தோல்விக்கு எவ்வளவு நல்ல எச்சரிக்கை வைத்திருந்தாலும் இந்த இடத்தில் அது ஊமைதான். ஆகவே எச்சரிக்கையைத் தலைகீழாக அமைக்க வேண்டியிருக்கிறது. வேலை முடிந்ததும் ஸ்கிரிப்டின் கடைசி வரி வேறொரு இயந்திரத்துக்கு "முடித்துவிட்டேன்" என்று சொல்ல வேண்டும். மூன்று மணிக்குள் அந்தச் சொல் வராவிட்டால், அந்த இயந்திரம் ஆளை எழுப்ப வேண்டும். மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் நிரம்பினால் கத்தும் அலாரம் பல வீடுகளில் இருக்கிறது. உள்ளே போகும் ஒயரை எலி கடித்துவிட்டால், தண்ணீர் வழிந்து தெருவில் ஓடினாலும் அது கத்தாது. அலாரத்தின் பட்டனை அழுத்திப் பார்த்து என்ன பயன்? சென்சாரைத் தண்ணீரில் முக்கிப் பார்த்தால்தான் ஒயர் இருக்கிறதா என்று தெரியும்.

திருத்திய ஸ்கிரிப்ட் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

```
#!/bin/bash
set -euo pipefail
f=/backup/kanakku-$(date +%F).sql.gz
timeout 90m pg_dump -h 10.0.0.5 kanakku | gzip > "$f.part"
zcat "$f.part" | tail -n 20 | grep -q 'dump complete'
mv "$f.part" "$f"
find /backup -name '*.sql.gz' -mtime +7 -delete
```

குழாயில் எந்த நிரல் தோற்றாலும் முழு வேலையும் அங்கேயே தோற்று நிற்கும்படி இரண்டாம் வரி செய்கிறது. தொண்ணூறு நிமிடத்துக்கு மேல் இழுத்தால் வேலை நிறுத்தப்படுகிறது. நகல் முதலில் தற்காலிகப் பெயரில்தான் எழுதப்படும். முடிவு வரி இருக்கிறது என்று உறுதியான பிறகே உண்மைப் பெயரைப் பெறும். பழையவற்றை அழிப்பது எல்லாவற்றுக்கும் கடைசி, அதுவும் புதியது நல்லபடியாக வந்தால் மட்டும். "முடித்துவிட்டேன்" என்று சொல்லும் வரி இதற்கும் கீழே வரும். எழுதியாகிவிட்டது என்று விட்டுவிடாமல் அதே மூன்று உடைப்புகளை மறுபடி நடத்த வேண்டும். திருத்தத்தில் புகுந்த புதுப் பிழை அப்போதுதான் அகப்படும்.

இதுவரை சத்தமாகத் தோற்பதைப் பற்றிப் பேசினோம். ஒத்திகையின் மறுபாதி, எழுந்து நிற்பது. முப்பது நிமிடம் கழித்துத் தடை நீங்குகிறது. இப்போது என்ன நடக்கும்? இந்த ஏற்பாட்டில் எதுவும் நடக்காது. தோற்ற வேலையை மறுபடி முயலும் பழக்கம் கிரானுக்கு இல்லை. நிறுத்திவைத்த கிரானை மீண்டும் தொடங்கினாலும், இடையில் தவறிய வேலையை அது ஓட்டாது. அடுத்த முயற்சி நாளை இரவு 1:30-க்குத்தான். அதுவரை இன்றைய நகல் கிடையாது. இது பரவாயில்லையா என்பதை அந்த அலுவலகம்தான் முடிவு செய்ய வேண்டும். பரவாயில்லை என்றால் அப்படியே எழுதி வைக்கலாம். கூடாது என்றால், தவறிய வேலையைப் பிறகு ஓட்டும் anacron உண்டு, `Persistent=true` என்று அமைத்த systemd டைமர் உண்டு. இவ்விரண்டும் தொடங்காமல் தவறிய வேலைக்குத்தான். தொடங்கித் தோற்றதற்கு, சிறிது இடைவெளி விட்டுச் சில முறை முயலும்படி ஸ்கிரிப்டிலேயே எழுத வேண்டும்.

மறுபடி ஓட்டுவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. நகலை இரண்டு முறை எடுத்தால் நஷ்டமில்லை. வட்டியை இரண்டு முறை வரவு வைத்தால்? பாதி வாடிக்கையாளர்களுக்கு எஸ்எம்எஸ் போன பிறகு வேலை தோற்று, மறுபடி முதலிலிருந்து தொடங்கினால்? அத்தகைய வேலைகளை உடைக்கும்போது நடுவில்தான் உடைக்க வேண்டும். பிறகு மறுபடி ஓடவிட்டு, ஒருவருக்கு இரண்டு வரவு விழுந்திருக்கிறதா என்று கணக்கை எண்ண வேண்டும். இதை நிஜ வாடிக்கையாளர் கணக்கில் செய்யவே கூடாது, சோதனை டேட்டாபேஸில்தான் செய்ய வேண்டும். பேக்கப் ஒத்திகையைக்கூட முதல் தடவை சோதனைச் சர்வரில் நடத்துவதே நல்லது.

ஒத்திகையால் ஆகாததும் உண்டு. நாம் நினைத்துப் பார்க்கும் சார்பைத்தான் நாம் உடைக்க முடியும். பதிப்புப் பொருத்தமின்மையை யாரும் உடைத்துப் பார்க்கத் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். ஆனால் எச்சரிக்கை செல்லும் பாதை எல்லாக் கோளாறுக்கும் பொது. ஒரு கோளாறுக்காக அதைக் கடைசிவரை, அதாவது ஒரு மனிதரின் போன் ஒலித்து அவர் "பார்த்துவிட்டேன்" என்று சொல்லும்வரை சோதித்துவிட்டால், நாம் நினைத்திராத கோளாறும் அதே பாதையில் வந்து சேரும். தகவல் 'அனுப்பப்பட்டது' என்று பதிவேடு சொல்வதோடு ஒத்திகையை முடிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். கிட்லேப்பிலும் அனுப்பப்படத்தான் செய்தது. தகவல் போகும் போன் எண் வேலையை விட்டுப் போனவருடையதா, அது இரவில் மௌனத்தில் கிடக்கிறதா என்பதெல்லாம் பதிவேட்டில் இருக்காது.

உங்கள் அலுவலகத்திலும் இப்படி ஒரு பேக்கப் வேலை இருந்தால், ஒத்திகைக்கு நாள் குறிக்கும் முன்பு ஒன்று செய்யுங்கள். நாளைக் காலை அந்தக் கோப்புறையில் `ls -l` கொடுத்து, கோப்புகளின் அளவை வரிசையாகப் பாருங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில், நாளுக்கு நாள் சற்று வளர்ந்துகொண்டு இருந்தால், அடுத்த வாரத்திலேயே ஒரு முற்பகலை ஒத்திகைக்கு ஒதுக்குங்கள். எந்த வரியிலாவது 20 என்று இருந்தால் ஒத்திகை தேவையில்லை. முதலில் பழைய கோப்புகளை அழிக்கும் வரியை நிறுத்துங்கள்.